டேப்பில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட் எங்கே போனது?

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் இடம், எடுக்கும் கணம். இரண்டு பட்டன்களையும் சேர்த்து அழுத்துகிறார்கள். திரை அணைந்துவிடுகிறது, அல்லது சத்தம் குறைகிறது, அல்லது டேப்பை அணைக்கட்டுமா என்று கேட்கும் மெனு வந்து நிற்கிறது. இரண்டாவது இடம், எடுத்து முடித்த பிறகு. திரை ஒரு முறை மின்னி, ஓரத்தில் சின்னப் படம் ஒன்று தோன்றி, சில விநாடிகளில் மறைந்துவிடுகிறது. ரயில் டிக்கெட்டோ, பணம் கட்டிய ரசீதோ அதில் இருந்திருக்கும். அது எங்கே சேர்ந்தது என்று தெரியாமல் டேப் முழுக்கத் தேடுகிறார்கள்.

இரண்டுக்கும் தெளிவான காரணங்கள் உண்டு. பட்டன் அழுத்தத்துக்கு ஒரு கால அளவு இருக்கிறது; எடுத்த படத்துக்கு ஒரு நிலையான முகவரி இருக்கிறது. அவற்றைத் தெரிந்துகொண்டால் தடுமாற்றத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும் என்பதால், பேச்சு பொதுவில் சுற்றாமலிருக்க ஒரே ஒரு டேப்பை எடுத்துக்கொள்வோம்: சாம்சங் 2020-ல் வெளியிட்ட கேலக்ஸி டேப் எஸ்7. 11 அங்குலத் திரை, 2560 × 1600 பிக்சல். பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் ஒரே விளிம்பில் அருகருகே இருக்கின்றன. பவர் பட்டனே கைரேகை பார்க்கும் இடமும்கூட.

பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் ஒன்றாக அழுத்தி உடனே விட வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் வழிமுறை. ஆனால் எந்த மனிதராலும் இரண்டு பட்டன்களைத் துல்லியமாக ஒரே கணத்தில் அழுத்த முடியாது. ஒரு விரல் எப்போதும் கொஞ்சம் முந்தும். இதை எதிர்பார்த்துத்தான் ஆண்ட்ராய்டு எழுதப்பட்டிருக்கிறது. அதன் மூல நிரலில் இதற்கென 150 மில்லி விநாடி ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது ஒரு விநாடியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு.

நடப்பது இதுதான். சத்தம் குறைக்கும் பட்டன் முதலில் அழுந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளம் உடனே சத்தத்தைக் குறைத்துவிடாது. அந்தச் செய்தியைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, கூட்டாளி பட்டன் வருகிறதா என்று 150 மில்லி விநாடி காத்திருக்கும். அதற்குள் பவர் பட்டனும் அழுந்திவிட்டால் இரண்டையும் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட் கட்டளையாக எடுத்துக்கொண்டு, சத்தக் குறைப்பை விழுங்கிவிடும். பவர் பட்டன் தாமதமானால், பிடித்து வைத்த செய்தியை வழக்கமான வேலைக்கு அனுப்பிவிடும். சத்தம் குறையும். பவர் பட்டன் முந்தினாலும் இதே கணக்குதான். வால்யூம் பட்டன் நேரத்துக்கு வராமல் விரலும் எடுபட்டுவிட்டால், பவர் பட்டனின் வேலை நடந்து திரை அணைந்துவிடும்.

ஆகவே தப்பு எங்கே நடந்தது என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கிறது. சத்தத்தின் அளவைக் காட்டும் பட்டை தோன்றினால் வால்யூம் விரல் முந்திவிட்டது. திரை கறுத்துப் போனால் பவர் விரல் முந்திவிட்டது. எந்த விரல் அவசரப்பட்டதோ அதைக் கொஞ்சம் அடக்கினால் போதும். இன்னும் பலமாக அழுத்துவதால் ஒரு பயனும் இல்லை. சுட்டுவிரலையும் நடுவிரலையும் இரண்டு பட்டன்கள் மேலும் முதலில் லேசாக வைத்து, பிறகு கையை ஒரே அசைவாக அழுத்துவது நன்றாக வேலை செய்கிறது. ஒரு கையால் ஒரு பட்டனையும் மறு கையால் மற்றதையும் அழுத்துகிறவர்களுக்குத்தான் அதிகம் பிசகும்.

மூன்றாவது தோல்வி, அணைக்கும் மெனு. இது அழுத்தியதை விடாமல் வைத்திருப்பதால் வருவது. சாம்சங்கில் இந்த இரண்டு பட்டன்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் உண்டு. தட்டி விட்டால் ஸ்க்ரீன்ஷாட். சற்று அழுத்திப் பிடித்தால் அணைக்கும் மெனு. 7 விநாடிக்கு மேல் அழுத்தியே வைத்திருந்தால் டேப் வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் ஆகும். உறைந்து போன டேப்பை மீட்க வைத்திருக்கும் வழி அது. “நல்லா அழுத்திப் பிடி” என்று பழைய ஃபோன் பழக்கத்தில் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த அறிவுரை இங்கே எதிர்விளைவைத் தரும்.

டேப்லெட்டுக்கே உரிய இன்னொரு குழப்பமும் உண்டு. ஃபோனை நிமிர்த்திப் பிடிப்பதே வழக்கம் என்பதால், மேலே இருப்பது சத்தம் கூட்டும் முனை, கீழே இருப்பது குறைக்கும் முனை என்று கை பழகியிருக்கும். டேப்பைப் படுக்கைவாட்டில் பிடிக்கும்போது வால்யூம் பட்டன் மேல் விளிம்புக்குப் போய்விடுகிறது. இடது முனை கூட்டுவதா, வலது முனை கூட்டுவதா என்று பார்த்த உடனே சொல்ல முடியாது. ஏதாவது ஒரு முனையைத் தனியாக ஒரு முறை தட்டி, திரையில் வரும் பட்டை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிடுவதுதான் சுருக்கமான வழி.

ஆண்ட்ராய்டின் பொது வழியாக இந்தப் பட்டன் கூட்டணி வந்தது 2011 இறுதியில் வெளியான ஆண்ட்ராய்டு 4.0-ல்தான். அதற்கு முன் பெரும்பாலான கருவிகளில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க, கருவியைக் கணினியோடு இணைத்து மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கருவித்தொகுப்பைத் திறக்க வேண்டியிருந்தது. 4.0 வந்த பிறகும் சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனி வழி வைத்திருந்தன. சாம்சங்கின் கேலக்ஸி டேப் 2-ல் திரையின் அடிப்பட்டையில் ஸ்க்ரீன்ஷாட்டுக்கென்றே ஓர் ஐகான் இருந்தது. பிறகு, நடுவில் ஹோம் பட்டன் வைத்த டேப்களில் பவரும் ஹோமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. 2017-ல் வந்த டேப் எஸ்3 வரை அப்படித்தான். 2018-ல் டேப் எஸ்4 ஹோம் பட்டனைக் கைவிட்டதும், பவரும் சத்தக் குறைப்பும் சேர்ந்த பொது வழிக்கு அது வந்து சேர்ந்தது. வீட்டில் பழைய டேப் ஒன்று இருந்து அதில் இந்த முறை பலிக்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஹோம் பட்டன் இருக்கிறதா என்பதை.

பட்டன் பழுதானவர்களுக்கும், இரண்டு விரலால் அழுத்த முடியாத அளவுக்குக் கை நடுக்கமோ மூட்டுவலியோ உள்ளவர்களுக்கும் இந்த முறை பெரிய துன்பம். அவர்களுக்காக Accessibility பகுதியில் Assistant menu என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் திரை ஓரத்தில் மிதக்கும் வட்டம் ஒன்று வரும். அதைத் தொட்டால் விரியும் பட்டியலில் ஸ்க்ரீன்ஷாட்டும் இருக்கும். இந்த வசதியைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. வயதானவர்களுக்கு டேப் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதை முதல் நாளே இயக்கி வைத்துவிடலாம்.

அடுத்தது, திரையைக் கையால் தடவி எடுக்கும் முறை. Settings-ல் Advanced features, அதற்குள் Motions and gestures, அதற்குள் Palm swipe to capture. எல்லா மாடல்களிலும் இந்த வரி இருக்காது. இருந்தால் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெயரைப் பார்த்துவிட்டு உள்ளங்கையை விரித்துத் திரையைத் துடைப்பது போலத் தேய்க்கிறவர்கள் பலர். அது பெரும்பாலும் பலிக்காது. சுண்டுவிரல் பக்கத்துக் கையோரம் திரையில் செங்குத்தாக நிற்க வேண்டும். மேசைமேல் சிந்திய அரிசியை ஓரமாகத் தள்ளிச் சேர்க்கும்போது கை எப்படி நிற்குமோ அப்படி. அந்த நிலையில் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ, இடையில் கையை எடுக்காமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை இழுக்க வேண்டும்.

இது ஏன் இப்படி என்பதற்கு விடை திரைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரண்டு கடத்திகள் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியிலும் மிகச் சிறிய மின்னூட்டம் தேங்கி நிற்கும். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் அருகில் வந்ததும் அந்த மின்புலத்தில் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அந்தப் புள்ளியில் அளவு குறைகிறது. தொடுதலைக் கவனிக்கும் சில்லு எல்லாப் புள்ளிகளையும் விநாடிக்குப் பல பத்து முறை அளந்து, எங்கெல்லாம் குறைந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த வரைபடத்தில் ஒரு விரல்நுனி சின்ன வட்டமாகத் தெரியும். கையோரம் நீளமான பட்டையாகத் தெரியும். டேப் எஸ்7 போன்று எஸ் பென் பேனாவோடு வரும் டேப்களில் இந்த வேறுபாட்டைச் சில்லு எப்போதும் கவனித்தாக வேண்டும். எழுதும்போது திரையில் படியும் கை தற்செயலாக எதையும் தொட்டுவிடக் கூடாதல்லவா? பெரிய பரப்பில் படிவதை விரல் என்று எண்ணாமல் ஒதுக்கிவிட வேண்டும். கையோர ஸ்க்ரீன்ஷாட் இந்த ஏற்பாட்டின் மேலேயே நிற்கிறது. நீளமான பட்டை ஒன்று படிந்து, ஒரே திசையில், தொடர்ச்சியாகத் திரையின் குறுக்கே நகர்ந்தால் அது ஸ்க்ரீன்ஷாட்டுக்கான சைகை.

கையைச் சாய்த்தால் பட்டை உடைந்து இரண்டு மூன்று வட்டங்களாகிவிடும். டேப் அவற்றை விரல்களாக எடுத்துக்கொள்ளும். பக்கம் நகரும், ஏதாவது ஒரு இணைப்பு திறந்துவிடும். நடுவழியில் கை எழும்பினாலும் அப்படியே. திரையில் விசைப்பலகை திறந்திருந்தால் இந்தச் சைகை வேலையே செய்யாது. தட்டச்சு செய்யும்போது கை படுவதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டாக எடுத்துக்கொண்டால் எழுதவே முடியாது. எனவே வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் நிலையில் உரையாடலைப் பிடிக்க வேண்டுமானால், பின்செல்லும் பட்டனால் விசைப்பலகையை இறக்கிவிட்டுத்தான் கையை இழுக்க வேண்டும்.

டேப்லெட்டில் இந்த முறை ஃபோனைவிடக் கடினமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் தூரம். ஃபோனின் குறுக்கே கையோரம் ஏழெட்டு சென்டிமீட்டர் போனால் போதும். டேப் எஸ்7-ஐப் படுக்கைவாட்டில் வைத்தால் அதன் நீளம் 25 சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் கையை ஒரே அழுத்தத்தில் நகர்த்துவது எளிதில்லை. நிமிர்த்திப் பிடித்தால் அகலம் பதினாறரை சென்டிமீட்டராகிவிடும். வெற்றி வாய்ப்பு கூடும். படுக்கைவாட்டுப் படம்தான் வேண்டும் என்றால் டேப்பை மேசையில் கிடத்திவிட்டு இழுப்பது நல்லது. மடியில் வைத்து இழுத்தால் டேப்பும் கூடவே நகரும்.

இனி, படம் உருவாகும் விதம். ஸ்க்ரீன்ஷாட்டைப் பலர் திரையைப் புகைப்படம் எடுப்பதாக நினைக்கிறார்கள். திரைக் கண்ணாடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தன் பகுதியைத் தனித்தனி அடுக்காக வரைந்து தருகிறது. நேரமும் பேட்டரி அளவும் காட்டும் மேல்பட்டை ஓர் அடுக்கு, திறந்திருக்கும் ஆப் ஓர் அடுக்கு, அடியில் உள்ள பட்டன்கள் ஓர் அடுக்கு. இவற்றை ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பும் பகுதியின் பெயர் SurfaceFlinger. ஸ்க்ரீன்ஷாட் கட்டளை வந்ததும் அது அதே அடுக்குகளை இன்னொரு முறை ஒன்றுசேர்த்து, திரைக்குப் பதிலாக நினைவகத்துக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான் ஸ்க்ரீன்ஷாட்.

இதனால் ஓர் அருமையான பயன் உண்டு. டேப்பில் கோடு கோடாக விழுகிறது, ஒரு மூலையில் பச்சையாகத் தெரிகிறது என்று பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதற்கு முன், ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை வேறொரு கருவியில் திறந்து பார்க்கலாம். படத்தில் கோடுகள் இல்லையென்றால் டேப் சரியாகத்தான் வரைகிறது. கோளாறு திரைப் பலகையிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. படத்திலும் கோடுகள் இருந்தால் கோளாறு வரையும் இடத்தில், அதாவது மென்பொருளிலோ படம் வரையும் சில்லிலோ. திரை மாற்றுவதற்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கும் இடத்தில், செலவில்லாத இந்தச் சோதனை மிகவும் மதிப்புள்ளது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எடுத்தாலும் படம் மங்கலாக வராததற்கும் காரணம் இதுவே. வெளிச்சம் திரையின் சமாச்சாரம். படம் அங்கே போவதற்கு முன்பே பிரதி எடுக்கப்பட்டுவிடுகிறது.

சில ஆப்களில் எத்தனை முறை அழுத்தினாலும் படம் வராது. “Can't take screenshot due to security policy” என்று ஒரு வரி வந்து போகும். ஓர் ஆப் தன் அடுக்கின் மேல் FLAG_SECURE என்று ஒரு குறியைப் போட்டுவிட்டால், அடுக்குகளை ஒன்றுசேர்க்கும்போது அந்தப் பகுதியைப் பிரதிக்குத் தருவதில்லை. பல வங்கி ஆப்கள், குரோமின் இன்காக்னிட்டோ பக்கம், ஒரே முறை பார்க்கும்படி வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் படங்கள் எல்லாம் இந்த வகை. பட்டனை அழுத்தினாலும் கையால் இழுத்தாலும் முடிவு ஒன்றுதான், ஏனென்றால் இரண்டும் போய்ச் சேரும் கதவு ஒன்று. படம் பார்க்கும் சில ஆப்களில் இன்னொரு விதமாக நடக்கும். வசன வரிகளும் பட்டன்களும் ஸ்க்ரீன்ஷாட்டில் வரும். படம் ஓடிய இடம் மட்டும் கறுப்பாக இருக்கும். அங்கே காணொளி அடுக்கு மட்டும், மற்ற நிரல்கள் படிக்க முடியாதபடி பூட்டிய நினைவகப் பகுதியில் விரிக்கப்படுகிறது. மேலே மிதக்கும் வசன வரி வேறு அடுக்கு. அதற்குப் பூட்டு இல்லை. இப்படிக் கறுப்பாக வந்தால் டேப்பில் எந்தப் பழுதும் இல்லை என்று பொருள்.

நினைவகத்துக்கு வந்த படம் இன்னும் ஃபைல் ஆகவில்லை. டேப் எஸ்7-ன் திரையில் 2560 × 1600, அதாவது ஏறக்குறைய 41 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வீதம் 16 எம்பிக்கு மேல் ஆகும். அப்படியே சேமித்தால் இடம் தாங்காது. ஆகவே சுருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்: பிஎன்ஜி, ஜேபிஜி. ஆண்ட்ராய்டின் அடிப்படை வழக்கம் பிஎன்ஜி. சாம்சங் தன் கருவிகளில் ஜேபிஜியை முதல் தேர்வாக வைத்திருக்கிறது.

பிஎன்ஜி எதையும் இழக்காமல் சுருக்கும். திரும்பத் திரும்ப வரும் வெள்ளைப் பரப்பைச் சுருக்கமாகக் குறித்துவைத்து, திறக்கும்போது பிக்சல் பிசகாமல் மீட்டுத் தரும். ஜேபிஜி படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டாக எழுதி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடும். முகம், வானம், மரம் போன்றவற்றில் இது தெரியாது. எழுத்தில் தெரியும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு திடீரெனத் தொடங்கி திடீரென முடிகிறது. அந்தக் கூர்மையான விளிம்பைச் சில அலைகளால் மட்டும் சொல்ல முயலும்போது, எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போன்ற புள்ளிகள் தோன்றும். சிறிய எழுத்தில் அச்சான தமிழில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி சில பிக்சல்கள்தான். அந்தப் புள்ளியே இந்த அழுக்கில் கலந்து போகக்கூடும். டேப்பில் எடுத்த முதல் ஜேபிஜியில் இது லேசாகவே இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. பெற்றவர் வேறொரு குழுவுக்கு அனுப்பும்போது தேய்மானம் நன்றாகவே தெரியலாம்.

எழுத்து முக்கியமான வேலைக்கு, குறிப்பாகத் தேர்வு வினாத்தாள், அரசாணை, பத்திர நகல் போன்றவற்றைப் பிடிக்கும்போது, வடிவத்தைப் பிஎன்ஜிக்கு மாற்றிவிடுவது நல்லது. Advanced features-க்குள் ஸ்க்ரீன்ஷாட்டுக்கான தனிப் பக்கம் இருக்கிறது. அதில் Screenshot format என்ற வரி. அனுப்பும்போதும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் Document என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் உள்ளபடியே போய்ச் சேரும்.

இப்போது முகவரி. டேப் எஸ்7-ல் எடுத்த படம் போய்ச் சேரும் இடம் இது:

```
/storage/emulated/0/DCIM/Screenshots
```

My Files ஆப்பைத் திறந்து Internal storage, DCIM, Screenshots என்று வரிசையாகப் போனால் இந்த இடத்துக்கு வந்துவிடலாம். கூகுளின் சொந்தக் கருவிகளிலும், ஆண்ட்ராய்டை அதிகம் மாற்றாமல் தரும் கருவிகளிலும் இந்த ஃபோல்டர் DCIM-க்குள் இருக்காது; Pictures என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். சாம்சங்கின் பழைய டேப்களிலும் அப்படித்தான். ஒரு டேப்பில் காணவில்லை என்றால் மற்ற இடத்தைப் பார்த்துவிட வேண்டியதுதான். One UI 5.1 முதல் சாம்சங்கில் இந்த ஃபோல்டரை விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் முடியும். வேறு யாராவது மாற்றி வைத்திருந்தால், அந்த ஸ்க்ரீன்ஷாட் பக்கத்திலேயே புதிய இடம் எழுதியிருக்கும்.

ஃபைலின் பெயரும் ஒரு துப்பு. Screenshot_20240611_184502_Chrome.jpg என்று ஒரு பெயர் இருந்தால், அது 2024 ஜூன் 11 அன்று மாலை 6 மணி 45 நிமிடம் 2 விநாடிக்கு, குரோம் திறந்திருந்தபோது எடுத்தது. சாம்சங் கடைசியில் ஆப்பின் பெயரையும் சேர்க்கிறது. My Files-ன் தேடும் கட்டத்தில் Screenshot_20240611 என்று தட்டினால் அந்த நாளில் எடுத்தவை மட்டும் வந்து நிற்கும். பணம் கட்டியதாகக் காட்டும் ரசீதின் தேதி மட்டும் நினைவிருந்தால் இதைவிட விரைவான வழி இல்லை.

படம் எடுத்ததும் திரை அடியில் வரும் சின்னக் கருவிப்பட்டையை ஒதுக்கித் தள்ளிவிட்டால் படம் அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அழியாது; பட்டை போகும், ஃபைல் இருக்கும். ஆனால் அந்தப் பட்டையிலிருந்தே பகிர்ந்த பிறகு படத்தை நீக்கிவிடும்படி ஓர் அமைப்பும் அதே பக்கத்தில் இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால், அனுப்பிய படம் அனுப்பியவரிடம் மிஞ்சாது. “அனுப்பினேன், ஆனால் என்னிடம் இல்லை” என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. கேலரியில் தவறுதலாக நீக்கியதாக இருந்தால், சாம்சங் கேலரியின் Trash-ல் 30 நாள் கிடக்கும்.

கேலரியில் ஒரு படம் தெரிவதும் தெரியாததும் தனிக் கணக்கு. கேலரி ஒவ்வொரு முறையும் ஃபோல்டர்களைத் துழாவுவதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் MediaStore என்ற பதிவேட்டைக் கேட்கிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் நிரல் ஃபைலை எழுதத் தொடங்கும்போது, வேலை முடியவில்லை என்ற குறியோடு பதிவேட்டில் ஒரு வரி சேர்க்கும். எழுதி முடித்ததும் குறியை நீக்கும். அதற்குப் பிறகுதான் மற்ற ஆப்களுக்கு அது தெரியும். கேலரியில் Albums என்ற பகுதியில் Screenshots என்று தனி ஆல்பம் இருப்பதற்குக் காரணம், ஃபோல்டரின் பெயரையே அது ஆல்பத்தின் பெயராக எடுத்துக்கொள்வதுதான். கூகுள் ஃபோட்டோஸ் ஆப்பில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். காப்புப்பிரதி இயங்கினாலும் அது தானாக மேலே ஏற்றுவது கேமரா ஃபோல்டரை மட்டும். Screenshots ஃபோல்டருக்கும் காப்பு வேண்டுமென்றால் தனியாக அனுமதிக்க வேண்டும். டேப் தொலைந்த பிறகு, கேமரா படங்கள் எல்லாம் கணக்கில் பத்திரமாக இருக்க, ஸ்க்ரீன்ஷாட்கள் மட்டும் இல்லாமல் போவது இதனால்தான்.

முகவரியில் emulated என்ற சொல்லும், அதை அடுத்த 0 என்ற எண்ணும் சும்மா இருப்பவை அல்ல. ஆரம்பகால ஆண்ட்ராய்டு ஃபோன்களில் படங்கள் மெமரி கார்டில்தான் சேர்ந்தன. 2011-ல் டேப்லெட்டுக்கென்றே ஆண்ட்ராய்டு 3.0 வந்தபோது, முதல் டேப்பான மோட்டோரோலா ஜூமில் ஆப்களுக்கும் படங்களுக்கும் உள்நினைவகத்தில் ஒரே பொது இடம் ஒதுக்கி, அதன் ஒரு பகுதியையே மெமரி கார்டு போல ஆப்களுக்குக் காட்டினார்கள். அந்த ஏற்பாட்டின் தடம்தான் emulated. அடுத்த எண், டேப்பைப் பயன்படுத்தும் ஆளின் எண். டேப்லெட்டை வீட்டில் பலர் பகிர்ந்துகொள்வார்கள் என்பதால் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் ஆளுக்கு 0. அடுத்து சேர்க்கப்படுகிறவர்களுக்கு 10-லிருந்து எண் தொடங்கும்.

ஒரு வீட்டில் அப்பாவும் பத்தாம் வகுப்பு மகளும் ஒரே டேப் எஸ்7-ஐப் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டேப்பை முதலில் இயக்கியவர் அப்பா. மகளுக்கு இரண்டாவது கணக்கு. மகள் தன் கணக்கில் இணைய வகுப்பில் ஆசிரியர் எழுதிய கணக்கைக் கையோரத்தால் இழுத்துப் பிடிக்கிறாள். மாலையில் அதை அச்செடுக்க வேண்டும். அப்பா தன் கணக்கில் நுழைந்து கேலரியைத் திறக்கிறார், படம் இல்லை. My Files-ல் DCIM, Screenshots வரை போகிறார், அங்கேயும் இல்லை. “நீ எடுக்கவே இல்லையே, பாப்பா” என்கிறார். “எடுத்தேன்ப்பா, கீழே வந்துச்சே” என்கிறாள் அவள். இருவர் சொல்வதும் உண்மை. மகளின் படம் இருக்கும் இடம் /storage/emulated/10/DCIM/Screenshots. அப்பா பார்ப்பது 0. இருவருக்கும் My Files ஒரே மாதிரி Internal storage என்றே காட்டும்; எண் வெளியே தெரியாது. ஒருவர் இடத்தை மற்றவர் பார்க்க முடியாதபடி இயங்குதளம் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் டேப்பின் மொத்த இடத்தை இருவரும்தான் பங்குபோடுகிறார்கள். மகள் ஸ்க்ரீன்ஷாட்களைக் குவித்தால் அப்பாவுக்கும் இடம் குறையும்.

தீர்வு எளிது. மேல்பட்டையை இழுத்து மகளின் கணக்குக்கு மாறி, அங்கிருந்தே படத்தை மின்னஞ்சலிலோ டிரைவிலோ அனுப்ப வேண்டும். கணினியில் எடுக்க நினைத்தாலும் இதையே செய்ய வேண்டும். யூஎஸ்பி கேபிளைச் செருகி, அறிவிப்பில் கோப்பு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த நேரத்தில் திரையில் யார் கணக்கு திறந்திருக்கிறதோ அவருடைய இடத்தை மட்டும் கணினி காட்டும். மகளின் கணக்கில் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கேபிளைச் செருக வேண்டும். கேபிள் செருகியிருக்கும்போது புதிதாக எடுத்த படம் கணினியில் தெரியவில்லை என்றால், கேபிளை ஒரு முறை கழற்றி மாட்டினால் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு Screenshots ஃபோல்டரில் வந்துவிடும்.